10W-40, 0W-20: இன்ஜின் ஆயில் போத்தலில் உள்ள இரண்டு எண்கள் என்ன சொல்கின்றன?

ஜோகூர் பாருவில் எந்த மோட்டார் பட்டறைக்குப் போனாலும் சுவர் அலமாரியில் மினியாக் ஹித்தாம் போத்தல்கள் வரிசையாக நிற்கும். 0W-20, 5W-30, 10W-40, 20W-50 என்று ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள். நடுவில் இருக்கும் W என்ற எழுத்து ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. விடியற்காலையில்கூடக் கடுங்குளிர் வராத ஜோகூரில் குளிர்கால எண்ணுக்கு என்ன வேலை?

சுருக்கமான பதில் இது. முதல் எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக நகரும் என்பதைச் சொல்கிறது. இரண்டாம் எண், இன்ஜின் சூடேறிய பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது இரண்டாம் எண்ணைத்தான். "நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டி எண்ணெய்தான் நல்லது" என்ற பேச்சு ஏன் எப்போதும் சரியாக இருப்பதில்லை என்பதும் இந்த எண்களில்தான் அடங்கியிருக்கிறது.

இன்ஜினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது?

உரசும் இரண்டு இரும்புகளை எண்ணெய் வழுக்கச் செய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் ஓடும் இன்ஜினில் முக்கியமான பாகங்கள் பெரும்பாலான நேரம் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் எண்ணெய்ப் படலம் ஒன்று அவற்றைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

இது தற்செயலாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1883-இல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சுகளில் இருப்பது போன்ற பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழல ஆரம்பித்ததும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக வெளியே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கையைத் தள்ளியது. மரமுளை வைத்தார், அதையும் தள்ளியது. கடைசியில் அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். பேரிங் மீது இருந்த சுமையின் சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 100 பவுண்டு. மானியின் முள்ளோ 200-ஐத் தாண்டிப் போனது.

அந்த அழுத்தத்தை எந்தப் பம்பும் கொடுக்கவில்லை. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் திணித்தது. ஆப்பு போல நுழைந்த எண்ணெய், சுமையோடு சேர்த்துப் பேரிங்கைத் தூக்கியது. மழையில் வேகமாகப் போகும் கார் டயர் சாலைத் தண்ணீரின் மேல் ஏறி மிதக்குமே, அதே கதைதான். டயருக்கு அது ஆபத்து, பேரிங்குக்கு அதுதான் உயிர். 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணக்கை எழுதினார். இன்றைய இன்ஜின் பேரிங்குகளும் அந்தக் கணக்கின் வழியில்தான் வடிவமைக்கப்படுகின்றன.

உங்கள் காரின் கிராங்க் ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சுமை விழும் பக்கத்தில் படலம் சில மைக்ரான் அளவுக்கு, சில நேரம் ஒரு மைக்ரானுக்கும் கீழே இறங்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய படலம்தான் இரும்பையும் இரும்பையும் பிரித்து வைத்திருக்கிறது.

இந்தப் படலம் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: எண்ணெயின் கெட்டித்தன்மை, பாகம் சுழலும் வேகம், அதன் மேல் விழும் சுமை. கெட்டியும் வேகமும் கூடினால் படலம் தடிக்கும். சுமை கூடினால் மெலியும். இந்தக் கெட்டித்தன்மையைத்தான் பாகுத்தன்மை என்கிறோம். போத்தலில் உள்ள இரண்டு எண்களும் அதைப் பற்றியவை.

படலம் இல்லாத நேரத்தில்?

வேகம் இல்லையென்றால் ஆப்பு உருவாகாது. அதனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் நொடிகளில் படலம் முழுமையாக இருப்பதில்லை. பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்திலும் இதே நிலைதான். கேம் ஷாப்டின் மூக்கு வால்வை அழுத்தும் இடத்தில் சுமை மிகச் சிறிய பரப்பில் விழுவதால் அங்கேயும் படலம் மெலிந்து போகும்.

இந்த இடங்களில் இரும்பைக் காப்பாற்றுவது பாகுத்தன்மை மட்டும் இல்லை. எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மானம் ஒன்று இருக்கிறது. சூடும் அழுத்தமும் கூடும்போது அது உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சாகப் படிகிறது. உராய்வு வந்தால் முதலில் தேய்வது அந்தப் பூச்சுதான். ஆக, போத்தலில் உள்ள எண்கள் எண்ணெயின் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. ஒரே 10W-40 எண்ணைத் தாங்கிய இரண்டு போத்தல்களில் சேர்மானங்கள் வேறு வேறாக இருக்கலாம்.

முதல் எண்: உறைநிலைக்குக் கீழே ஒரு பரீட்சை

இந்த எண்களை வகுத்தது அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம். போத்தலில் எண்களுக்கு முன்னால் SAE என்று இருப்பது அதன் பெயர்ச்சுருக்கம். 1911-இல் முதல் வகைப்பாடு வந்தது. குளிர்கால எழுத்தான W 1933-இல் சேர்ந்தது. இன்று J300 என்ற தரநிலை இதையெல்லாம் வரையறுக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடலாம். 10W என்றால் 10 டிகிரி என்று அர்த்தமில்லை. அது வெறும் வகுப்புப் பெயர், அவ்வளவுதான். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குளிர்ப் பரீட்சை இருக்கிறது. 10W எண்ணெய் மைனஸ் 25 டிகிரியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கெட்டியாகக் கூடாது. கெட்டியானால் ஸ்டார்ட்டர் மோட்டாரால் இன்ஜினைச் சுற்ற முடியாது. 5W எண்ணெய்க்கு அந்தப் பரீட்சை மைனஸ் 30-இல். 0W-க்கு மைனஸ் 35-இல். 20W-க்கு மைனஸ் 15-இல். இன்னும் 5 டிகிரி கீழே இறங்கி, பம்பால் எண்ணெயை உறிஞ்ச முடிகிறதா என்றும் தனியாகச் சோதிப்பார்கள்.

ஆக, எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு கடுங்குளிரைத் தாங்கும். கனடாவில் 20W-50 ஊற்றினால் ஜனவரி காலையில் இன்ஜின் சுற்றாமல் போகலாம். ஜோகூரில் இந்தப் பரீட்சை எதுவும் நடக்கப் போவதில்லை. அலமாரியில் உள்ள எல்லா எண்ணெயும் நம் ஊர்க் காலையில் பம்பு வழியாக ஏறிவிடும்.

இரண்டாம் எண்: உண்மையில் வேலை செய்யும் சூடு

இரண்டாம் எண்ணுக்கு அளவெடுப்பது 100 டிகிரியில். சூடேறிய இன்ஜினில் எண்ணெய் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும். பாகுத்தன்மையைச் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். அறை வெப்பநிலையில் தண்ணீரின் பாகுத்தன்மை சுமார் 1 சென்டிஸ்டோக்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது சுலபம். 100 டிகிரியில் ஒவ்வொரு வகுப்பும் இருக்க வேண்டிய எல்லை இதுதான்:

- 20 என்றால் 6.9 முதல் 9.3 வரை
- 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை
- 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை
- 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை

இதோடு இன்னொரு கடுமையான சோதனையும் உண்டு. 150 டிகிரியில், பேரிங்குக்குள் நடப்பது போல எண்ணெயை மிக வேகமாகப் பிழிந்து, அப்போதும் குறைந்தபட்சக் கெட்டித்தன்மை மிஞ்சுகிறதா என்று பார்ப்பார்கள். படலம் உடையாமல் நிற்குமா என்பதற்கு நெருக்கமான பதில் இதில்தான் கிடைக்கும்.

ஒரே எண்ணெய் எப்படிக் குளிர்ப் பரீட்சையிலும் சூட்டுப் பரீட்சையிலும் தேறுகிறது? பல எண்ணெய்களில் நீளமான பாலிமர் மூலக்கூறுகள் கலந்திருக்கும். குளிரில் அவை நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும், எண்ணெயின் ஓட்டத்தை அதிகம் தடுக்காது. சூட்டில் விரிந்து, எண்ணெய் ரொம்பவும் நீர்த்துப் போகாமல் பார்த்துக்கொள்ளும். நல்ல சிந்தெட்டிக் அடி எண்ணெயாக இருந்தால் பாலிமர் குறைவாக இருந்தாலே போதும்.

ஜோகூர்க் காலை 25 டிகிரி: எது கெட்டி, எது தண்ணி?

இப்போது கணக்குக்கு வருவோம். கடையில் கிடைக்கும் வழக்கமான எண்ணெய்களின் அளவுகளை வைத்து 25 டிகிரிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய இப்படி வரும். 0W-20 எண்ணெய் 100 டிகிரியில் சுமார் 8 சென்டிஸ்டோக்ஸ், 25 டிகிரியில் சுமார் 80. 20W-50 எண்ணெய் 100 டிகிரியில் சுமார் 18, 25 டிகிரியில் சுமார் 370.

இந்த நான்கு எண்களை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். "தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லப்படும் 0W-20, நம் ஊர்க் காலையில் 80-இல் இருக்கிறது. "நல்ல கெட்டி" என்று சொல்லப்படும் 20W-50, சூடேறிய இன்ஜினில் 18-இல் இருக்கிறது. அதாவது காலையில் இருக்கும் 0W-20, சூடான 20W-50-ஐவிட நான்கு மடங்குக்கும் மேல் கெட்டி. பட்டறையில் போத்தலைச் சாய்த்துப் பார்த்தோ விரலில் தேய்த்துப் பார்த்தோ எண்ணெயை எடை போடுவதால் பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம். நீங்கள் பார்ப்பது எண்ணெய் வேலை செய்யும் சூட்டில் இல்லை.

20W-50 நம் காலையில் 370-இல் இருந்தால் என்ன ஆகும்? இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், பயமில்லை. ஆனால் 0W-20-க்காக வடிவமைக்கப்பட்ட காரில் அதை ஊற்றினால் எண்ணெய் நுண்ணிய வழிகளில் மெதுவாக ஏறும். பம்பில் அழுத்தம் எகிறும். அழுத்தம் அளவு மீறாமல் இருக்க ஒரு வால்வு திறந்து, எண்ணெயில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மானியில் அழுத்தம் அதிகமாகத் தெரியும், ஆனால் பாகங்களுக்குப் போகும் எண்ணெய் குறைவாக இருக்கலாம். இன்றைய கார்கள் பலவற்றில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதும் எண்ணெய் அழுத்தம்தான். எண்ணெய் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் அந்த அமைப்பு தாமதமாக வேலை செய்யும். பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

அப்படியானால் வெளியே இருக்கும் சூடு? தண்ணீரால் குளிரும் இன்ஜினில் தெர்மோஸ்டாட் என்ற கருவி குளிர்நீரின் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும். கோலாலம்பூரிலும் லண்டனிலும் இன்ஜின் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் ஓடும். அதனால் "சூடான நாடு" என்ற ஒரே காரணத்துக்காக 20-இலிருந்து 50-க்குத் தாவ வேண்டியதில்லை. அதிகச் சூட்டிலோ அதிகச் சுமையிலோ ஓட்டினால் ஒரு படி மேலே போகலாம் என்று சில கையேடுகளே அனுமதிக்கும். அந்த வரி உங்கள் கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கப்சாய் மோட்டாருக்குக் கணக்கு வேறு

காற்றால் குளிரும் கப்சாய் இன்ஜினில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1924-இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் வேலை நாள் காலையில் சிங்கப்பூருக்குப் போகும் மோட்டார் வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று. ஒரு 10W-40 எண்ணெய் அந்தப் பயணத்தில் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம்.

விடியற்காலை 25 டிகிரியில் அது சுமார் 200 சென்டிஸ்டோக்ஸ். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, எண்ணெய் 100 டிகிரிக்கு வந்தால் சுமார் 14. சோதனைச் சாவடிக்கு முன்னால் வரிசை நின்றுவிடுகிறது. இன்ஜின் மேல் காற்று படவில்லை. எண்ணெய் 120 டிகிரியைத் தொட்டால் அது சுமார் 9-க்கு இறங்கிவிடும். போத்தலில் 40 என்று இருந்தாலும் அந்த நேரத்தில் படலம் பெறும் கெட்டி அவ்வளவுதான். அதே சூட்டில் 30 வகுப்பு எண்ணெய் சுமார் 7-இல் இருக்கும்.

இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர்கின்றன. எண்ணெய் இளகுகிறது, அதே நேரத்தில் இன்ஜின் ஐடிலில் மெதுவாகச் சுற்றுகிறது. படலத்துக்குக் கெட்டியும் வேகமும் வேண்டும் என்று பார்த்தோம். இரண்டுமே குறைந்தால் படலம் மெலியும். ஐடிலில் சுமை குறைவு என்பது கொஞ்சம் ஆறுதல். வரிசை நகராத நேரத்தில் இன்ஜினை அணைப்பது பெட்ரோலை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை, எண்ணெயின் சூட்டையும் தணிக்கிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பெரும்பாலான கப்சாய்களில் கிராங்க் ஷாப்டைத் தாங்குவது குண்டு பேரிங்கும் உருளை பேரிங்கும்தான். காரில் இருப்பது போன்ற வழவழப்பான பேரிங் இல்லை. அதனால் மோட்டாரில் எண்ணெய்ப் படலத்துக்குச் சோதனையான இடங்கள் பிஸ்டன், கேம், கியர் பற்கள் ஆகியவை. ஆம், கியரும் கிளட்சும்கூட அதே எண்ணெயில்தான் நனைகின்றன.

இதனால் இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, கியர் பற்கள் அந்த நீளமான பாலிமர்களை நறுக்கிவிடும். நறுக்கப்பட்ட பாலிமர் மறுபடி ஒட்டாது. 14-இல் ஆரம்பித்த எண்ணெய் நாளாக ஆக 12.5-க்குக் கீழே இறங்கினால், போத்தலில் 40 என்று இருந்தாலும் அது இப்போது 30 வகுப்புதான். எண்ணெய் மாற்றிப் பல வாரம் ஆன மோட்டாரில் கியர் போடுவது முன்பைவிடக் கடினமாகி, இன்ஜின் சத்தமும் கூடினால் அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கப்சாய்க்குப் பெரும்பாலும் ஒரு லிட்டர் அல்லது அதற்கும் குறைவான எண்ணெய்தான் பிடிக்கும் என்பதால் தேய்மானம் சீக்கிரமே தெரியும்.

இரண்டு, கார் எண்ணெயை மோட்டாருக்கு ஊற்றுவது. கார் எண்ணெய்கள் சிலவற்றில் பெட்ரோல் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். கிளட்சுக்கோ உராய்வுதான் வேண்டும். அது வழுக்க ஆரம்பித்தால் இன்ஜின் உறுமும், வண்டி முன்னே போகாது. எண்ணெயில் நனையும் கிளட்ச் உள்ள மோட்டாருக்கு, போத்தலின் பின்பக்கம் JASO MA அல்லது JASO MA2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். JASO MB என்பது பொதுவாக அப்படிப்பட்ட கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. கையேடு 10W-30 என்று சொல்கிறதா, 10W-40 என்று சொல்கிறதா என்பது மாடலைப் பொறுத்தது.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

எண்ணெய் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். கரியையும் அழுக்கையும் தன்னுள் பிடித்து வைத்திருப்பது எண்ணெயின் வேலை. நிறம் மட்டும் எதையும் உறுதியாகச் சொல்லாது. இவற்றைக் கவனியுங்கள்:

- சிவப்பு எண்ணெய் விளக்கு. பெரும்பாலான கார்களில் இது அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. ஓடும்போது எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உடனே இன்ஜினை அணையுங்கள். சூடான இன்ஜினில், ஐடிலில் மட்டும் மினுக்கினால் எண்ணெய் குறைந்திருக்கலாம், நீர்த்திருக்கலாம், அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம்.
- அளவுக்குச்சியில் பெட்ரோல் வாடை. தினமும் ஐந்து நிமிடப் பயணம் மட்டும் போகும் வண்டியில் எண்ணெய் முழுதாகச் சூடேறாது. எரியாத பெட்ரோல் அதில் கலந்து தங்கிவிடும். அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடினால் அதுவும் இதற்கு அடையாளம். பெட்ரோல் கலந்த எண்ணெய் போத்தலில் உள்ள இரண்டாம் எண்ணுக்குக் கீழே போய்விடும்.
- பால் போன்ற நுரை. மூடியின் உள்பக்கம் கொஞ்சமாக இருந்தால் குறுகிய பயணங்களில் சேர்ந்த ஈரமாக இருக்கலாம். அளவுக்குச்சியிலும் அப்படியே இருந்தால் குளிர்நீர் கலந்திருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.
- அளவு குறைவது. மோட்டாரில் 200 மில்லி குறைந்தாலே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மிச்சமிருக்கும் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சூடாகும். எந்த எண் நல்லது என்று விவாதிப்பதைவிட இதைப் பார்ப்பது முக்கியம்.

அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது

முதலில் கையேட்டில் உள்ள இரண்டாம் எண்ணைப் பாருங்கள். அதை விட்டு விலகாதீர்கள். முதல் எண்ணில் நம் ஊரில் கொஞ்சம் இடம் இருக்கிறது. கையேடு இரண்டையும் அனுமதித்தால் 5W-30, 10W-30 எதுவானாலும் ஜோகூரில் பிரச்சினை இல்லை. 5W காலையில் சற்றுச் சீக்கிரம் ஓடும் என்பதுதான் வித்தியாசம்.

பிறகு தரக்குறியைப் பாருங்கள். காருக்கு API SP போன்ற குறியீடு, மோட்டாருக்கு JASO MA. சேர்மானங்களைப் பற்றிச் சொல்வது இந்தக் குறிகள்தான். கடைசியாக, பட்டறையில் உங்கள் வண்டிக்கு வேறு எண் ஊற்றலாம் என்று சொன்னால் "ஏன்?" என்று கேளுங்கள். "இன்ஜின் பழசாகிவிட்டது, எண்ணெய் குடிக்கிறது, அதனால் ஒரு படி கெட்டியாகப் போடலாம்" என்பது யோசிக்கத்தக்க பதில். ஆனால் அது தேய்மானத்தைச் சரி செய்யாது, கொஞ்ச நாள் சமாளிக்க உதவும். "இங்கே வெயில் அதிகம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள்.